தாமிர பாட்டிலா, எவர்சில்வர் பாட்டிலா? ஆபீஸ் பைக்கு எது சரி?

காலை 7 மணி. நசரத்பேட்டையில் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பவர்களின் பைகளைக் கவனித்தால், பக்கவாட்டு வலைப் பையில் ஒரு தண்ணீர் பாட்டில் கட்டாயம் இருக்கும். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை பக்கம் வேலைக்குப் போகிறவர்களும் சரி, போரூர் பக்கம் ஐ.டி. அலுவலகத்துக்குப் போகிறவர்களும் சரி, பிளாஸ்டிக் பாட்டிலை விட்டுவிட வேண்டும் என்ற முடிவுக்கு எப்போதோ வந்துவிட்டார்கள். அடுத்த கேள்வியில்தான் குழப்பம். "தாமிரத்துல குடிச்சா கிருமியே அண்டாது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். "செம்பு உடம்புல சேர்ந்தா ஈரல் போயிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வருகிறது. பாத்திரக் கடைக்காரரோ, "எவர்சில்வர் எடுங்க சார், காலத்துக்கும் உழைக்கும்" என்கிறார்.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றுமே ஒரு முக்கியமான விஷயத்தைப் பேசுவதில்லை. தண்ணீர் அந்த பாட்டிலுக்குள் எத்தனை மணி நேரம் இருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கிருமி சாகும் என்பது உண்மையா?

உண்மைதான். பெங்களூருவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து, 2012-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். காலரா, டைபாய்டு, சீதபேதி போன்ற நோய்களை உண்டாக்கும் பாக்டீரியாக்களைக் குடிநீரில் கலந்தார்கள். ஒரு மில்லி லிட்டருக்குச் சுமார் 500 பாக்டீரியா என்பது கணக்கு. அந்தத் தண்ணீரைத் தாமிரப் பானையில் ஊற்றி, சாதாரண அறை வெப்பநிலையில் வைத்தார்கள். 16 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தபோது, உயிருள்ள பாக்டீரியா ஒன்றைக்கூட மீட்க முடியவில்லை.

நடப்பது இதுதான். தண்ணீர் பட்டதும் தாமிரத்தின் மேற்பரப்பிலிருந்து மிக நுண்ணிய அளவு செம்பு, மின்னூட்டம் பெற்ற அயனிகளாகத் தண்ணீரில் இறங்குகிறது. இந்த அயனிகள் பாக்டீரியாவின் வெளிச்சுவரைச் சேதப்படுத்தி, உள்ளே இருக்கும் புரதங்களையும் கெடுக்கின்றன. ஆனால் இது பிளீச்சிங் பவுடர் போட்டது போல உடனே நடக்கிற வேலை அல்ல. செம்பு கரைய நேரம் வேண்டும். கரைந்தது வேலை செய்யவும் நேரம் வேண்டும். "ராத்திரி ஊத்தி வை, காலையில குடி" என்று பாட்டிமார் சொன்னதில் 'ராத்திரி' என்பதுதான் முக்கியமான சொல். தாமிரக் குடத்தின் புகழ் மொத்தமும் அந்த இரவு நேரத்தில்தான் இருக்கிறது.

இப்போது அதே தாமிரத்தை ஆபீஸ் பைக்குள் வைத்துப் பார்ப்போம். நசரத்பேட்டையிலிருந்து கிளம்பும் ஒருவர் காலை 6.45-க்கு ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸில் கால் பங்கு, அலுவலகம் போனதும் கொஞ்சம், 10 மணி டீக்கு முன் கொஞ்சம் என்று 10.30-க்குள் பாட்டில் காலி. டிஸ்பென்சரில் மறுபடி நிரப்புகிறார். மதியச் சாப்பாட்டுடன் அதுவும் முடிகிறது. 1.30-க்கு மூன்றாவது முறை நிரப்பி, 5 மணிக்குள் குடித்துவிடுகிறார். ஆக, எந்தத் தண்ணீரும் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமிரத்தில் இருக்கவில்லை. ஆய்வில் பாக்டீரியா ஒன்றுமில்லாமல் போனது 16 மணி நேரத்தில். இவருடைய பாட்டிலில் செம்பு தன் வேலையைத் தொடங்கி முடிப்பதற்குள் தண்ணீர் வயிற்றுக்குப் போய்விடுகிறது.

இன்னொன்றும் உண்டு. பூந்தமல்லி, நசரத்பேட்டை, திருமழிசை வட்டாரத்தில் பல வீடுகளில் குடிப்பது 20 லிட்டர் கேன் தண்ணீர், இல்லையென்றால் ஆர்.ஓ. இயந்திரத்தில் பிடித்த தண்ணீர். அலுவலக டிஸ்பென்சரிலும் பெரும்பாலும் அதே கேன்தான். முறையாகச் சுத்திகரித்த தண்ணீர் என்றால் அதில் கொல்லுவதற்குப் பெரிதாகக் கிருமி இருக்காது. சுத்திகரிக்காத போர் தண்ணீர் என்றால் தாமிரம் மட்டும் போதாது. தண்ணீரில் இருக்கும் உப்பையோ நைட்ரேட்டையோ ஈயத்தையோ தாமிரம் நீக்காது. மேலே சொன்ன ஆய்வும் பாக்டீரியாவைத்தான் பார்த்தது. வைரஸுக்கும் அமீபாவுக்கும் அதை அப்படியே நீட்டிச் சொல்ல முடியாது. அங்கே கொதிக்கவைப்பதுதான் வழி.

அப்படியானால் செம்பு விஷமா?

இங்கேதான் வாட்ஸ்அப் வீடியோக்கள் ஒரு எண்ணைக் காட்டிப் பயமுறுத்துகின்றன. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, ஒரு லிட்டர் தண்ணீரில் 0.05 மில்லிகிராம் செம்பைத்தான் 'ஏற்கத்தக்க அளவு' என்கிறது. பெங்களூரு ஆய்வில் 16 மணி நேரம் வைத்த தண்ணீரில் இருந்தது லிட்டருக்குச் சுமார் 0.177 மில்லிகிராம். அதாவது மூன்று மடங்குக்கும் மேல். "பார்த்தீர்களா, அரசாங்க வரம்பையே தாண்டிவிட்டது" என்று சொல்லிவிட இது வசதியான எண்.

ஆனால் அதே ஆவணத்தில் அடுத்த கட்டத்திலேயே இன்னொரு எண் இருக்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடங்களில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்பது அது. இரண்டுக்கும் முப்பது மடங்கு வித்தியாசம். ஏன் இவ்வளவு இடைவெளி? முதல் எண் விஷத்தன்மையை வைத்துப் போட்டதல்ல என்பதே காரணம். இந்தத் தர நிர்ணயத்தின் 1991-ஆம் ஆண்டுப் பதிப்பே விளக்கம் தருகிறது: அந்த அளவைத் தாண்டினால் தண்ணீர் துவர்க்கும், நிறம் மாறும், குழாயும் பாத்திரமும் அரிக்கும். உலக சுகாதார நிறுவனம் உடல்நலத்தை வைத்துச் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம். 0.177 அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கணக்காகவே பார்க்கலாம். அப்படி இரவு முழுக்க வைத்த தண்ணீரை ஒருவர் நாளுக்கு இரண்டு லிட்டர் குடித்தால் உடம்புக்குள் போகும் செம்பு சுமார் 0.35 மில்லிகிராம். அமெரிக்க ஊட்டச்சத்துப் பரிந்துரையின்படி பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 0.9 மில்லிகிராம் செம்பு தேவை; 10 மில்லிகிராம் வரை தாங்கும். பருப்பு, முந்திரி, எள், கடலை என்று நம் சாப்பாட்டிலேயே செம்பு கிடைத்துவிடுகிறது. ஆகவே ஆரோக்கியமான பெரியவருக்கு வெறும் தண்ணீர் வைத்த தாமிரப் பாத்திரம் ஆபத்தும் அல்ல, மருந்தும் அல்ல. தைராய்டு சரியாகும், எடை குறையும், மூட்டுவலி போகும் என்று பாட்டிலோடு வரும் அட்டையில் அச்சடிப்பதற்கெல்லாம் மனிதர்களிடம் செய்து பார்த்த உறுதியான ஆதாரம் கிடையாது.

ஆபத்து தண்ணீரில் இல்லை, எலுமிச்சையில்

செம்பு எவ்வளவு கரையும் என்பதைப் பாத்திரத்தைவிட அதற்குள் இருப்பதுதான் தீர்மானிக்கிறது. பெங்களூரு ஆய்வில் இருந்த தண்ணீர் லேசான காரத்தன்மை உடையது, பி.எச். அளவு 7.8 ஒட்டி இருந்தது. புளிப்பு ஏற ஏற, அதாவது பி.எச். இறங்க இறங்க, செம்பு வேகமாகக் கரையும். அமெரிக்க உணவு விதிமுறையில் பி.எச். 6-க்குக் கீழே உள்ள எதையும் தாமிரம் தொடக்கூடாது என்றே எழுதியிருக்கிறார்கள். 2017-இல் அந்நாட்டின் அயோவா மாநிலம், எலுமிச்சைச் சாறு கலந்த ஒரு பானத்தைத் தாமிரக் குவளையில் ஊற்றித் தரும் மதுக்கூடங்களுக்கு இதே விதியை நினைவுபடுத்தி எச்சரிக்கை விட்டது.

நம்மூர் ஆபீஸ் பாட்டிலில் இதற்கு வாய்ப்பு அதிகம். வெயில் காலத்தில் மதியம் எலுமிச்சை ஜூஸ். சாப்பாட்டுக்கு நீர்மோர். டயட்டில் இருப்பவர்கள் காலையிலேயே எலுமிச்சைத் துண்டு போட்ட தண்ணீர். எலுமிச்சை ஜூஸின் பி.எச். 3-க்குப் பக்கத்தில்; மோர் 4.5 ஒட்டி. இவை மூன்று மணி நேரம் தாமிர பாட்டிலில் கிடந்தால் லிட்டருக்குச் சில மில்லிகிராம் செம்பு கரைய வாய்ப்பிருக்கிறது. அப்படிக் கரைந்தால் முதலில் தெரிவது வாயில் ஒரு உலோகக் கசப்பு. அதை மீறிக் குடித்தால் குமட்டல், வயிற்றுப் பிடிப்பு, வாந்தி. பெரும்பாலும் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். ஆனால் "நேத்து கேன்டீன் சாப்பாடு ஒத்துக்கல" என்று பழியைச் சாம்பார் மேல் போட்டுவிட்டு, மறுநாளும் அதையே செய்பவர்கள் இருக்கக்கூடும்.

ஆர்.ஓ. தண்ணீரையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். உப்புகளை எல்லாம் எடுத்துவிடுவதால் அது பெரும்பாலும் 7-க்குச் சற்றுக் கீழே, லேசான அமிலத் தன்மைக்குப் போய்விடும்; அதைச் சமன்செய்யும் உப்பும் அதில் மிச்சமில்லை. எலுமிச்சை அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. இருந்தாலும் வெள்ளிக்கிழமை மாலை பாதி பாட்டில் ஆர்.ஓ. தண்ணீரோடு பையை மாட்டிவிட்டு, திங்கள் காலை அலுவலகம் போய் அதையே குடிப்பது நல்லதல்ல. வெள்ளி மாலை 6-லிருந்து திங்கள் காலை 9 வரை 63 மணி நேரம். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிப்பதே சரி.

பால் சேர்ந்த எதையும் தாமிரத்தில் வைக்கக் கூடாது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. 'இந்தியக் குழந்தைப் பருவ ஈரல் சுருக்கம்' என்று பெயரிடப்பட்ட நோய் ஒன்று பல பத்தாண்டுகள் நம் சிறு குழந்தைகளைக் கொன்றது. இறந்த குழந்தைகளின் ஈரலில் செம்பு ஏராளமாகச் சேர்ந்திருந்தது. 1980-களில் புனேயில் மருத்துவர்கள் குடும்பம் குடும்பமாக விசாரித்தபோது ஒரு பழக்கம் திரும்பத் திரும்ப வந்தது. ஈயம் பூசாத பித்தளை, தாமிரப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பாலை, பிறந்த சில மாதங்களிலேயே குழந்தைக்குக் கொடுத்திருந்தார்கள். பாலில் உள்ள புரதம் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தப் பாத்திரங்கள் வீடுகளிலிருந்து போனதும் நோயும் அரிதாகிவிட்டது. பரம்பரைக் காரணமும் சேர்ந்திருக்கலாம் என்று சிலர் சொன்னாலும், பாத்திரத்தின் பங்கு பரவலாக ஏற்கப்பட்ட ஒன்று. நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்கு 'ஈயம் பூசுறது' என்று தெருவில் கூவிக்கொண்டு வந்தவர்கள் செய்த வேலையின் அர்த்தம் இதில் புரியும். அவர்கள் பூசியது வெள்ளீயம். உணவுக்கும் செம்புக்கும் நடுவே அது ஒரு திரை.

ஆகவே கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கத் தாமிரத் தண்ணீர் வேண்டாம். வில்சன் நோய் உள்ளவர்களுக்குத் தாமிரப் பாத்திரமே வேண்டாம். இது உடம்பிலிருந்து செம்பை வெளியேற்ற முடியாத பரம்பரை நோய், அவர்களுக்கு 0.177 மில்லிகிராம் என்பதும் கூடுதல் சுமைதான். குடும்பத்தில் யாருக்காவது இது இருந்தால் சகோதர சகோதரிகளும் பரிசோதித்துக்கொள்ளும் வரை தள்ளியிருப்பது நல்லது.

களிம்பு யார் தேய்ப்பது?

தாமிர பாட்டிலை வாங்கியவர்கள் பலர் மூன்று மாதத்தில் அதை அலமாரிக்கு அனுப்புவது பயத்தால் அல்ல, பராமரிப்பால். ஒரு வாரம் பயன்படுத்தினாலே உள்ளே பழுப்பு, கறுப்புத் திட்டுகள் வரும். அது காற்றும் தண்ணீரும் பட்டு உருவாகும் செம்பு ஆக்சைடு. பார்க்க அழுக்காக இருந்தாலும் அவ்வளவு கெடுதல் இல்லை. பச்சையாகவோ நீலப்பச்சையாகவோ படிவதுதான் களிம்பு. அதைக் கண்டால் உள்ளே இருக்கும் தண்ணீரைக் குடிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

களிம்பை எடுக்கப் புளிப்புதான் வேண்டும். அரை மூடி எலுமிச்சைச் சாறு அல்லது கரைத்த புளி, ஒரு ஸ்பூன் கல்லுப்பு, அரை டம்ளர் தண்ணீர் விட்டு மூடி, நன்றாகக் குலுக்கி, பாட்டில் பிரஷ்ஷால் அடிவரை தேய்க்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும். பிறகு மூன்று நான்கு முறை அலசி, மூடியைக் கழற்றிக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். "நல்லா ஊறட்டும்" என்று புளித் தண்ணீரை ராத்திரி முழுக்க விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. எலுமிச்சை ஜூஸ் வைக்கக் கூடாது என்பதற்கான அதே காரணம்தான் இங்கும். களிம்போடு சேர்ந்து உலோகமும் கரையும். அலசிய தண்ணீர் நீலமாகவோ பச்சையாகவோ வந்தால், நிறம் போகும் வரை அலசாமல் அதில் குடிதண்ணீர் ஊற்றக் கூடாது. இரும்பு நார் போட்டால் கீறல் விழும். கீறலில் அடுத்த களிம்பு சீக்கிரமே பிடிக்கும்.

குடத்துக்கும் பாட்டிலுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதில்தான். குடத்திலோ சொம்பிலோ கை உள்ளே போகும். பாட்டிலின் கழுத்தில் கை போகாது; அடியில், ஓரத்து மடிப்பில் என்ன படிந்திருக்கிறது என்று டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். அடித்தட்டைத் தனியாகப் பற்றவைத்த பாட்டில்களில் அந்தப் பற்றுதான் முதலில் பச்சை பிடிக்கும் இடம். வாங்கும்போதே அடித்தட்டு ஒட்டில்லாத பாட்டிலைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை குறையும்.

கடையில் இன்னும் ஒன்றைக் கவனிக்கலாம். சில தாமிர பாட்டில்கள் வாங்கி ஆறு மாதமானாலும் மங்காமல் மின்னும். வெளியே கண்ணாடி போன்ற லாக்கர் பூச்சு இருப்பதே காரணம். வெளியே என்றால் பரவாயில்லை. உள்ளேயும் அதே பூச்சு இருந்தால் தண்ணீர் செம்பைத் தொடவே தொடாது. வாங்கியதன் நோக்கமே போய்விடும். காந்தம் ஒட்டினால் அது தாமிரம் இல்லை, இரும்பின் மேல் போட்ட தாமிர முலாம். முலாம் தேய்ந்த இடத்தில் துருப்பிடிக்கும்.

எவர்சில்வர் எல்லாம் ஒன்றல்ல

எவர்சில்வருக்கு இவ்வளவு கதை இல்லை. இரும்போடு குரோமியம் சேர்ந்த கலவை அது. மேலே கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது. கீறினாலும் காற்று பட்டதும் தானே மூடிக்கொள்ளும். அதனால் தண்ணீர், எலுமிச்சை, மோர் எதற்கும் ஒரு நாள் தாங்கும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் கேட்பது உண்டு: குளிர்ந்த குடிதண்ணீரில் இறங்கும் நிக்கல் மிகச் சொற்பம்.

வித்தியாசம் ரகத்தில்தான். 304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும்; சில பாட்டில்களில் 18/8 என்று போட்டிருப்பது இதைத்தான். நிக்கல் விலை அதிகம் என்பதால், அதில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மாங்கனீஸ் சேர்த்தால் 200 வரிசை ரகங்கள் கிடைக்கும். 202 அதில் ஒன்று. விலை குறைவு, ஆனால் உப்புத் தண்ணீரில் சீக்கிரம் புள்ளிப் புள்ளியாகத் துரு பிடிக்கும். போர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் வீடுகளில் இது பழக்கமான காட்சி. "காந்தம் ஒட்டலைன்னா நல்ல எவர்சில்வர்" என்று கடையில் சொல்லும் சோதனை இங்கே உதவாது. 304-ம் ஒட்டாது, 202-ம் ஒட்டாது. சொல்லப்போனால் நல்ல 304 பாட்டிலிலேயே, அழுத்தி வளைத்த கழுத்துப் பகுதியில் காந்தம் லேசாக இழுக்கும்.

அப்புறம் எப்படித்தான் தெரிந்துகொள்வது? முத்திரையைப் பார்த்துத்தான். தாமிரம், எவர்சில்வர், அலுமினியம் மூன்றிலும் செய்யும் குடிநீர் பாட்டில்களுக்கு ஐ.எஸ். 17803 என்ற ஒரே தர நிர்ணயம் 2022-இல் வந்தது. அதன்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று மத்திய அரசு 2023 ஜூலையில் ஆணை பிறப்பித்தது. முத்திரைக்குக் கீழே CM/L என்று தொடங்கி ஓர் உரிம எண் இருக்கும். BIS Care செயலியில் அந்த எண்ணை அடித்தால், உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கு, இன்னும் செல்லுமா என்று காட்டும். முத்திரை இருந்து எண் இல்லை என்றாலோ, எண் வேறு பொருளுக்கு உரியது என்றாலோ அந்த பாட்டிலை வைத்துவிட்டு நகரலாம்.

எவர்சில்வருக்குக் கிருமியைக் கொல்லும் குணம் கிடையாது. "துருப்பிடிக்காது" என்பதை "அழுக்காகாது" என்று எடுத்துக்கொண்டு வாரக் கணக்கில் வெறுமனே அலசி வைப்பவர்களுக்கு, ஒரு நாள் மூடியைத் திறந்ததும் ஒரு வாடை வரும். வாடை வருவது உலோகத்திலிருந்து அல்ல. மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்திலிருந்தும் மரையில் ஒட்டிய எச்சிலிலிருந்தும். தினமும் இரவில் சோப்புப் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, வாரம் ஒருமுறை அந்த வளையத்தை நெம்பி எடுத்துத் தனியாகக் கழுவினால் போதும். டீக் கறைக்கு ஒரு ஸ்பூன் சமையல் சோடாவும் வெந்நீரும். பிளீச்சிங் பவுடரை மட்டும் எவர்சில்வரில் ஊறவைக்கக் கூடாது. குளோரின் அந்தப் பாதுகாப்புப் படலத்தையே துளைக்கும்.

சூடு தாங்கும் இரட்டைச் சுவர் பாட்டில்களில் சிலவற்றில் அடிப்பகுதியில் ஒரு சிறு பற்று, மூடித் தகட்டுக்கு உள்ளே இருக்கும். அந்தப் பற்றில் ஈயம் இருக்கலாம். அது தண்ணீரைத் தொடுவதில்லை. கீழே விழுந்து அடித் தகடு கழன்றுவிட்டால் மட்டும் அந்த பாட்டிலைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டாம்.

காசுக் கணக்கு

விலை கடைக்குக் கடை மாறும். கணக்குக்காக ஒரு லிட்டர் தாமிர பாட்டில் 900 ரூபாய், ஒற்றைச் சுவர் எவர்சில்வர் பாட்டில் 350 ரூபாய் என்று வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டிப் பார்க்கலாம்.

தாமிரத்துக்கு வாரம் ஒரு எலுமிச்சை, 5 ரூபாய். வருடத்துக்குச் சுமார் 250, மூன்று வருடத்துக்குச் சுமார் 750. பாட்டில் விலையோடு 1,650 ரூபாய். கடைசியில் பழைய பாத்திரமாகப் போட்டால் செம்புக்கு நல்ல விலை உண்டு. 300 கிராம் எடையுள்ள பாட்டிலுக்குக் கிலோ 600 என்று வைத்தால் 180 ரூபாய் திரும்பும். மிச்சச் செலவு 1,470. எவர்சில்வருக்கு வருடம் ஒரு பிரஷ் 60 ரூபாய், நடுவில் ஒருமுறை மூடி வளையம் 50 ரூபாய். மொத்தம் 580. புளியில் தேய்த்தால் எலுமிச்சைச் செலவு மிச்சம் என்பவர்கள் தாமிரத்தின் கணக்கில் 500 ரூபாயாவது குறைத்துக்கொள்ளலாம். அப்போதும் எவர்சில்வர்தான் மலிவு.

காசைவிட நேரம் பெரிய செலவு. வாரம் பத்து நிமிடம் என்றால் வருடத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல். அந்த எட்டு மணி நேரம் பெரும்பாலான வீடுகளில் யார் தலையில் விழுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பாட்டிலைக் கொண்டு போகிறவரே தேய்ப்பதாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நேர்மையானது.

வெயிலையும் மறக்க வேண்டாம். உலோகங்களில் செம்பு வெப்பத்தை மிக வேகமாகக் கடத்தும். எவர்சில்வரைவிட இருபது மடங்குக்கும் மேல். மே மாத மதியத்தில் பைக்கின் பக்கப் பையில் வைத்த தாமிர பாட்டில் கையைச் சுடும். ஜில் தண்ணீர் ஊற்றினால் வெளியே வியர்த்து லேப்டாப் பையை நனைக்கும். ஒற்றைச் சுவர் எவர்சில்வரிலும் வியர்க்கும். இரட்டைச் சுவரில் வியர்க்காது. தாமிரம் மென்மையானது என்பதால் பஸ் நெரிசலில் சீக்கிரம் நசுங்கும். கழுத்து கொஞ்சம் நசுங்கினாலும் மரை பிசகி, மூடி கசிய ஆரம்பிக்கும்.

ஏற்கெனவே வாங்கிய தாமிர பாட்டிலை என்ன செய்வது? அது வீட்டிலேயே இருக்கட்டும். இரவு 8 மணிக்கு வெறும் தண்ணீர் ஊற்றிச் சமையலறை மேடையில் வைத்தால், காலை 6-க்குப் பத்து மணி நேரம் ஆகியிருக்கும். ஆய்வின் 16 மணி நேரத்துக்கு அது வராது. ஆனால் அலுவலகப் பையில் கிடைப்பதைவிட இரண்டரை மடங்கு அதிகம். காலையில் அதை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு, பாட்டிலைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எவர்சில்வர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பலாம். மதியம் அதில் எலுமிச்சை பிழிந்தாலும் ஒன்றும் ஆகாது.